ஓவர்டைம் இல்லாத மாதச் சம்பளத்தில் உங்கள் ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது: கணக்குப் போடும் முழு வழி

மாதச் சம்பளத்தில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக உழைத்து, அதற்குத் தனியாக ஒன்றும் வாங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கணக்கை முதலில் எனக்காகப் போட்டேன், பிறகு உடன் வேலை செய்த சிலருக்கும் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். வகுத்தலில் யாரும் தடுமாறவில்லை. எதை எதனால் வகுப்பது என்ற இடத்தில்தான் எல்லோரும் தடுமாறினார்கள்.

உதாரணத்துக்கு ஒரு தோழியின் கணக்கைக் கடைசி வரை கூடவே எடுத்துப் போகிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, ஒப்பந்தப்படி வாரம் 40 மணி நேரம். எண்களை முழு எண்களாக்கி இருக்கிறேன். உங்கள் நாணயம் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் போதும்: வேலை ஒப்பந்தம், கடந்த 12 மாதங்களில் வங்கிக்கு வந்த சம்பளத் தொகைகள், கடந்த ஆண்டு எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள் என்ற பதிவு.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது வார வேலை நேரமும், உணவு இடைவேளை அதற்குள் வருகிறதா வெளியே நிற்கிறதா என்பதும். இடைவேளை வெளியே என்றால் 9 முதல் 6 வரை இருப்பது 8 மணி நேர வேலை, உள்ளே என்றால் 9 மணி நேரம். இதைப் பார்க்காமல் தொடங்கினால் தினமும் ஒரு மணி நேரம் தவறான பக்கத்தில் போய் உட்காரும், கடைசியில் வரும் எண்ணை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

வங்கித் தொகைகளை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஆஃபர் லெட்டரில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தில் கைக்கே வராத பகுதிகளும் சேர்ந்திருக்கும். வந்த பணத்தில் தொடங்கினால் அந்தக் குழப்பம் இல்லை.

2. நான்கு வாரம் நேரத்தை எழுதுங்கள், நினைவிலிருந்து எடுக்காதீர்கள்

பொறுமை தேவைப்படும் ஒரே படி இதுதான், இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. "வாரம் 60 மணி நேரம் வேலை பார்க்கிறேன்" என்று என் தோழி உறுதியாகச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது நான்கு வாரங்கள் 51, 47, 63, 49 என்று வந்தன, சராசரி 52.5. அவர் பொய் சொல்லவில்லை, மிக மோசமான வாரம் மனதில் அப்படியே நின்றுவிட்டது, மற்ற மூன்று வாரங்கள் மறந்துபோயின. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். இரவு பத்து மணிக்கு எடுத்த போன் அழைப்பை "அது வேலையா என்ன" என்று விட்டுவிடுகிறோம்.

ஏன் நான்கு வாரம்? அவர் வேலையில் மாதக் கணக்கு முடிப்பு என்று ஒரு கனமான வாரம் உண்டு, நான்கு வாரத்தில் அது சரியாக ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு 12 முடிப்புகள், வேலை செய்யும் வாரங்கள் ஏறக்குறைய 48, ஆக விகிதமும் பொருந்துகிறது. உங்கள் வேலையின் சுற்று ஆறு வாரம் என்றால் ஆறு வாரம் எழுதுங்கள். பரபரப்பான வாரங்களை மட்டும் பிடித்தால் கணக்கு வீங்கும், அமைதியானவற்றை மட்டும் பிடித்தால் சுருங்கும்.

விரிதாளில் நான்கு பத்திகள் போதும்: தேதி, தொடக்கம், முடிவு, இடைவேளை. நேரங்களை 9:10, 20:40 என்றும் இடைவேளையை 1:00 என்றும் எழுதி, ஐந்தாவது பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=(MOD(C2-B2,1)-D2)*24
```

சாதாரணமாகக் கழித்தால் நள்ளிரவைத் தாண்டி முடியும் நாளில் எதிர்மறை எண் வந்து நிற்கும், MOD அதைச் சரிசெய்கிறது. 24 ஆல் பெருக்குவதால் விடை 10.5 என்று சாதாரண எண்ணாக வரும், அந்தக் கட்டத்தின் வடிவத்தையும் எண் என்று மாற்றிவிடுங்கள். நேர வடிவத்திலேயே விட்டுக் கூட்டினால் 24 மணி நேரத்தைத் தாண்டியதும் கூட்டுத்தொகை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுபோலக் காட்டும், 52 மணி நேரம் வர வேண்டிய இடத்தில் 4 என்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மூடி வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு துண்டாக வேலை நடந்தால் இரண்டு வரியாக எழுதுங்கள். தோழியின் மாத முடிப்பு நாள் ஒன்று: காலை 9:10 முதல் இரவு 8:40 வரை, உணவும் தேநீரும் சேர்ந்து ஒரு மணி நேரம் இடைவேளை, ஆக 10.5. அப்புறம் இரவு 10:00 முதல் 10:45 வரை ஒரு அழைப்பு. மொத்தம் 11.25.

பழைய மாதங்களை மின்னஞ்சல் நேரம், லாகின் நேரம் வைத்து மீட்டுவிடலாமே என்று கேட்பார்கள். அவை நாளின் இரு ஓரங்களை மட்டும் காட்டும், நடுவில் வங்கிக்குப் போனதையோ ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்ததையோ காட்டாது. சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அடிப்படையாக வேண்டாம்.

3. எது வேலை நேரம், எது இல்லை

இதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் விதியை மாற்றினால் முதல் வாரமும் நான்காவது வாரமும் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும்.

முழுதாகச் சேர்ப்பது: அலுவலக வேலை, வீட்டில் செய்யும் வேலை, அழைப்புகள், வேலைக்காக வேறு ஊருக்குப் போகும் பயணம், கட்டாயப் பயிற்சி. இரவில் வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். போனைக் கையில் எடுத்ததிலிருந்து கீழே வைத்தது வரை ஒரு துண்டு, அதைக் கால் மணிக்கு முழுமையாக்கி எழுதுங்கள். எட்டுச் செய்திக்கு எட்டுக் கால் மணி என்று எழுதினால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும், அதை யாரிடம் காட்டினாலும் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

"கூப்பிட்டால் வர வேண்டும்" என்று தயாராக இருக்கும் நேரம் சிக்கலானது. வீட்டில் குழந்தையோடு இருக்கிறீர்கள், ஆனால் வெளியூர் போக முடியாது, தூங்கினாலும் போன் பக்கத்தில். அது ஓய்வு இல்லை என்பது என் கருத்து, ஆனாலும் வகுக்கும் எண்ணில் சேர்க்க மாட்டேன். தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். கூப்பிட்டு வேலை செய்த நேரம் மட்டும் பிரதானக் கணக்குக்குப் போகட்டும்.

வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் இப்போதைக்குத் தனியாக வையுங்கள். கூடுதல் நேரம் உழைக்காதவரும் போய்வரத்தான் செய்கிறார். அதைச் சேர்த்தால் நீண்ட வேலை நேரத்தின் விளைவு எவ்வளவு, தூரத்தின் விளைவு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகும்.

4. வாரத்தை ஆண்டாக மாற்றுவது

மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்துப் பெருக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. 52ஐ 12ஆல் வகுத்தால் 4.33 வரும். அந்தச் சின்ன வித்தியாசம் ஆண்டில் நான்கு முழு வாரத்தைத் தின்றுவிடும். நேராக ஆண்டுக் கணக்குக்கே போய்விடுவது சுலபம்.

வாரம் 5 நாள், 52 வாரம், ஆக 260 நாள். தோழிக்கு 15 நாள் விடுப்பும் 10 பொது விடுமுறையும் உண்டு. ஒப்பந்தப்படி அவர் வேலை செய்ய வேண்டியது 235 நாள், நாளைக்கு 8 மணி நேரம், மொத்தம் 1,880 மணி நேரம்.

நடந்தது வேறு. விடுப்பில் 9 நாள்தான் எடுக்க முடிந்தது, மீதி 6 நாள் காலாவதியானது, பணமாகவும் தரவில்லை. பொது விடுமுறையில் 2 நாள் அலுவலகத்தில் இருந்தார். ஆக 260 - 9 - 8 = 243 நாள், அதாவது 48.6 வாரம். அதை 52.5 ஆல் பெருக்கினால் 2,551.5 மணி நேரம்.

நான்கு வாரப் பதிவில் சிக்காத உச்சங்களை இதன்மேல் தனியாகச் சேர்க்க வேண்டும். காலாண்டு முடிப்பு ஒவ்வொன்றிலும் வழக்கத்தைவிட ஏறக்குறைய 12 மணி நேரம் அதிகம், நான்குக்கு 48. ஆண்டு முடிப்பில் இரண்டு வாரம் தலா 20 மணி நேரம் அதிகம், அது 40. மொத்தம் 2,639.5, இதை 2,640 என்று வைத்துக்கொள்வோம்.

ஒப்பந்தத்தைவிட 760 மணி நேரம் கூடுதல். 40 மணி நேர வாரமாக மாற்றினால் 19 வாரம். விடுப்பை யாரும் இந்தக் கணக்கில் தேடுவதில்லை. ஆனால் எடுக்காமல் போன அந்த 6 நாளும் வேலைக்குப் போன 2 விடுமுறையும் சேர்ந்து மட்டும் 80 மணி நேரத்துக்கு மேல் வருகின்றன.

5. பணத்தின் பக்கம்

ஒரு முழு ஆண்டில் கைக்கு வந்ததை எடுங்கள். தோழிக்கு மாதம் 55,000 வீதம் 6,60,000, பிடித்தம் போக வந்த போனஸ் 60,000, ஆக 7,20,000. போனஸை வந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். "இந்த வருஷம் நல்லா வரும்னு சொல்லியிருக்காங்க" என்பது பணம் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறினால் கடந்த இரண்டு ஆண்டின் சராசரியைப் போடுங்கள்.

கைக்கு வரும் தொகையா, பிடித்தத்துக்கு முந்தைய தொகையா? இரண்டில் எதுவும் சரி, ஆனால் கணக்கு முழுவதும் ஒன்றே ஓட வேண்டும். வீட்டு முடிவுகளுக்குக் கைத்தொகைதான் பொருந்தும் என்பதால் நான் அதையே எடுக்கிறேன். சட்டக் குறைந்தபட்ச ஊதியத்தோடு ஒப்பிடும்போது மட்டும் பிடித்தத்துக்கு முந்தைய தொகைக்கு மாறுங்கள்.

பிறகு, நேரம் கழித்து வேலை பார்ப்பதாலேயே உண்டாகும் செலவு. இரவு வாடகைக் கார், வெளிச் சாப்பாடு, குழந்தையைக் கூடுதல் நேரம் பார்த்துக்கொள்ளக் கொடுப்பது, இப்படி. ஒன்றைச் சேர்ப்பதா என்று சந்தேகம் வந்தால், ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் இது ஆகியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆகியிருக்கும் என்றால் விட்டுவிடுங்கள். தோழிக்கு மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000.

6. வகுத்துப் பாருங்கள்

ஒப்பந்தப்படி: 7,20,000 ÷ 1,880 = மணிக்கு 383.

உண்மையில்: 7,20,000 ÷ 2,640 = மணிக்கு 273. செலவையும் கழித்தால் 7,02,000 ÷ 2,640 = 266.

முதல் எண்ணோடு பார்த்தால் கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய 30 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. சம்பளச் சீட்டில் இது எங்கேயும் தெரியாது, ஏனென்றால் அதில் நேரம் என்ற வரியே இல்லை.

இந்த இடத்தில் தோழி செய்த தவறை அவசியம் சொல்ல வேண்டும், பலர் இதையே செய்கிறார்கள். முதலில் அவர் தானாகவே போட்ட கணக்கில் ஒப்பந்த மணிக்கூலி 250 என்றும் உண்மை மணிக்கூலி 273 என்றும் வந்தது. அதிகம் உழைத்ததால் கூலி கூடிவிட்டதா என்று கேட்டார். நடந்தது என்னவென்றால், சம்பளப் பிரிவுகளில் ஒரு நாள் சம்பளத்தை மாதத்தின் 30ல் ஒரு பங்காகப் பிடிப்பது வழக்கம், அதைப் பார்த்து அவர் 7,20,000இன் மாதச் சராசரியான 60,000ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்திருக்கிறார். அந்த 30 நாளில் வார ஓய்வும் விடுமுறையும் அடக்கம். சம்பளத்தில் கழிப்பதற்கு அது ஒரு வசதியான முறை, அவ்வளவுதான். வேலை செய்த மணி நேரத்தோடு ஒப்பிட அது உதவாது. இரண்டு பக்கத்திலும் உண்மையில் வேலைக்குப் போன நேரத்தை மட்டும் வகுஎண்ணாக வையுங்கள். உண்மை மணிக்கூலி ஒப்பந்த மணிக்கூலியைவிட அதிகமாக வந்தால் பெரும்பாலும் இந்தப் பிழைதான் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

7. கடைசி மணி நேரங்களின் விலை

பலர் 273 என்ற சராசரியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படிக்காகத்தான் மேலே உள்ள எல்லாமே. சராசரி, நல்ல மணி நேரத்தையும் இலவச மணி நேரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. முடிவெடுக்க உதவுவது, கடைசியாகச் சேர்ந்த நேரத்துக்கு எவ்வளவு வருகிறது என்பது.

தோழிக்கு இன்னொரு வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்தது. கைத்தொகை ஆண்டுக்கு 6,62,400, அதாவது 8 சதவீதம் குறைவு. அங்கே இருப்பவர்களிடம் விசாரித்ததில் வாரம் 42 மணி நேரம், விடுப்பு முழுவதும் எடுக்க முடிகிறது. "சம்பளம் குறையுதே" என்று உடனே வேண்டாம் என்று சொல்லப் போனார்.

கணக்கு இப்படி. புதிய வேலையில் 235 நாள், 47 வாரம், வாரம் 42 வீதம் 1,974 மணி நேரம். அவர் விட்டுக்கொடுப்பது 57,600, அதிலும் இரவுக் கார் செலவு 18,000 இனி இருக்காது என்பதால் நிகரமாக 39,600. திரும்பக் கிடைப்பது 666 மணி நேரம். 39,600ஐ 666ஆல் வகுத்தால் ஏறக்குறைய 59.

அதாவது இப்போதைய வேலையில் அந்த 666 மணி நேரத்தையும் அவர் மணிக்கு 59க்கு விற்றுக்கொண்டிருக்கிறார். சராசரி 273 என்று இருக்கும்போது இது கண்ணில் படவே இல்லை. மணிக்கு 59 கொடுத்தால் உங்கள் மாலை நேரத்தைக் கொடுப்பீர்களா என்று கேட்டபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. புதிய இடத்தின் 42 என்பது கேள்விப்பட்ட எண், உங்களுடைய 52.5 எழுதிப் பார்த்த எண். நேர்காணல் எடுப்பவரிடம் கேட்பதைவிட அதே வேலையைச் செய்பவரிடம் கேளுங்கள், அதுவும் "போன வாரம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்" என்று கேளுங்கள். "வேலை எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். பிறகு கேட்ட எண்ணோடு 4 மணி நேரம் கூட்டி மறுபடி போட்டுப் பாருங்கள். 46 மணி நேரம் என்றால் திரும்பக் கிடைப்பது 478 மணி நேரம், விலை 83. அப்போதும் முடிவு மாறவில்லை என்றால் அந்த முடிவு உறுதியானது.

போய்வரும் நேரத்தைச் சேர்க்க வேண்டிய இடமும் இதுவே, ஏனென்றால் இரண்டு வேலைக்கும் தூரம் வேறாக இருக்கலாம். தோழிக்கு இரண்டும் ஒரே தூரம் என்பதால் விட்டுவிட்டோம்.

8. இருக்கும் வேலையிலேயே பேசுவதற்கு

எல்லோராலும் வேலை மாற முடியாது. 383க்குத் திரும்ப எவ்வளவு சம்பள உயர்வு வேண்டும்? 2,640ஐ 1,880ஆல் வகுத்தால் 1.40, அதாவது 40 சதவீதம். அதை யாரும் ஒரே தடவையில் தரப்போவதில்லை, அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் போகவும் வேண்டாம்.

மறுபக்கம் பாருங்கள். வாரத்துக்கு 5 மணி நேரம் குறைந்தால் ஆண்டுக்கு 243 மணி நேரம் குறைகிறது, மணிக்கூலி 273லிருந்து 300 ஆகிறது. இது 10 சதவீதச் சம்பள உயர்வுக்குச் சமம், நிறுவனத்துக்குக் கூடுதல் பணச் செலவும் இல்லை. ஆகவே பதிவை வைத்து எந்த வேலை அந்த 5 மணி நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். தோழியின் பதிவில் அது யாரும் படிக்காத ஒரு வாராந்திர அறிக்கை, அப்புறம் வேறு நேர மண்டலத்துக்காக இரவில் வைக்கும் ஒரு கூட்டம். "எனக்கு வேலை அதிகம்" என்று சொன்னால் எல்லோருக்கும்தான் என்பார்கள். "இந்த இரண்டும் வாரத்துக்கு 5 மணி நேரம், எதை நிறுத்தலாம்" என்று கேட்டால் பேச ஏதாவது இருக்கும்.

இதே எண் பதவி உயர்வுக்கும் உதவும். 10 சதவீதம் கூடுதல் தருகிறோம், பொறுப்பும் கூடும் என்றால், அந்தப் பொறுப்பு வாரத்துக்கு 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போனாலே உங்கள் மணிக்கூலி ஏறவில்லை, இருந்த இடத்திலேயே நிற்கிறது.

9. இந்த எண் சொல்லாதவை

கற்றுக்கொள்வதும், அடுத்த வேலைக்குக் கிடைக்கும் அனுபவமும் இதில் இல்லை. முதல் இரண்டு ஆண்டு குறைந்த மணிக்கூலியில் நிறையக் கற்றுக்கொள்வது நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் "கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது, பதிவில் அந்த மாதிரி மணி நேரம் எத்தனை என்று குறித்துப் பாருங்கள். தோழியின் 210 மணி நேரத்தில் புதிதாகக் கற்றது என்று சொல்ல அவரால் 6 மணி நேரம்தான் காட்ட முடிந்தது.

இந்த எண் சட்ட உரிமைக் கணக்கும் ஆகாது. அதற்கு உங்கள் நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களை மட்டும் சரிபார்க்கச் சொல்வேன். ஒன்று, ஓவர்டைம் கிடையாது என்று சொல்லப்படுவது சரியா என்பது. அமெரிக்காவில், உதாரணத்துக்கு, பதவியின் பெயரில் "மேலாளர்" என்று இருப்பது மட்டும் போதாது, செய்யும் வேலையின் தன்மையும் சம்பளத்தின் அளவும் பார்க்கப்படும். இரண்டு, குறைந்தபட்ச ஊதியம். பிரிட்டனில் மாதச் சம்பளக்காரர்களுக்கும், உண்மையில் வேலை செய்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது சம்பளம் தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. சம்பளம் குறைவாகவும் நேரம் அதிகமாகவும் உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம். அவர்கள் அந்த நான்கு வாரப் பதிவை, எழுதிய தேதிகளோடு, அலுவலகக் கணினியில் வைக்காமல் தங்கள் சொந்தக் கணக்கில் சேமித்து வைக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை, அதே விதிகளோடு, இன்னொரு நான்கு வாரம் எழுதுங்கள். தோழி அந்த வேலைக்கு மாறி எட்டு மாதம் கழித்து எழுதியபோது வாரம் 44 வந்தது, கேள்விப்பட்டதைவிட 2 அதிகம்.